இறக்கினால் எழுது: நீள் வகுத்தலில் வழி தவறாமல் போக

9391ஐ 23ஆல் வகுக்கச் சொன்னால் நிறையப் பிள்ளைகள் 48 என்று எழுதி, மீதி 7 என்று முடித்துவிடுவார்கள். சரியான ஈவு 408. மீதி 7 என்பது சரிதான். அந்தத் தாளை எடுத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தால் பெருக்கலில் பிழை இருக்காது, கழித்தலிலும் பிழை இருக்காது. 23இன் வாய்ப்பாடும் தவறாமல் வந்திருக்கும். நடுவில் வரவேண்டிய ஒரு சுழியம் மட்டும் காணாமல் போயிருக்கும். "கவனமாகப் போடு" என்று சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தால் அந்தப் பிள்ளைக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. எதைக் கவனிக்க வேண்டும் என்பது அதில் இல்லையே.

நான்கு அடிப்படைக் கணக்குகளில் வகுத்தல் ஒன்றுதான் மற்ற எல்லாவற்றையும் உள்ளே வைத்திருக்கிறது. வாய்ப்பாட்டில் தேட வேண்டும், பெருக்க வேண்டும், கடன் வாங்கிக் கழிக்க வேண்டும், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். கூட்டலும் பெருக்கலும் வலமிருந்து இடமாக நடக்கும்போது, இது மட்டும் இடமிருந்து வலமாக நடக்கும். கழித்தலில் கடன் வாங்குவதிலேயே பிள்ளையின் மனம் முழுதும் போய்விட்டால், தலை நிமிரும்போது தான் எந்தப் படியில் நின்றோம் என்பது மறந்திருக்கும். வகுக்கத் தெரியாததால் தடுமாறுகிறவர்களைவிட, இப்படி நடுவில் இடம் மறந்து தடுமாறுகிறவர்கள் அதிகம். இவர்களுக்கு வேண்டியது ஒவ்வொரு சுற்றிலும் மாறாமல் திரும்பி வரும் ஒரே ஒழுங்கு.

அந்த ஒழுங்கைச் சொல்வதற்கு முன், அதன் படிகளுக்குப் பொருள் என்ன என்பதைப் பணத்தில் பார்த்துவிடுவோம். பொருள் புரியாமல் மனப்பாடம் செய்த படி, பதற்றத்தில் முதலில் மறந்துபோகும்.

956 ரூபாயை நான்கு பேருக்குச் சமமாகப் பிரிக்க வேண்டும். கையில் ஒன்பது நூறு ரூபாய்த் தாள்களும், ஐந்து பத்து ரூபாய்த் தாள்களும், ஆறு ஒரு ரூபாய் நாணயங்களும் இருக்கின்றன. பெரிய தாளிலிருந்துதான் தொடங்குவோம். ஒன்பது நூறில் ஆளுக்கு இரண்டு கொடுத்தால் எட்டு போய்விடும், ஒன்று மிஞ்சும். அந்த ஒரு தாளை நான்கு பேருக்குப் பிரிக்க முடியாது. எனவே அதைப் பத்து ரூபாய்த் தாள்களாக மாற்றி வருகிறோம். பத்துத் தாள் கிடைக்கிறது, ஏற்கெனவே இருந்த ஐந்தோடு சேர்த்துப் பதினைந்து. இப்போது ஆளுக்கு மூன்று கொடுக்கலாம், பன்னிரண்டு போக மூன்று மிஞ்சும். அதையும் சில்லறையாக மாற்றினால் முப்பது நாணயம், இருந்த ஆறோடு முப்பத்தாறு. ஆளுக்கு ஒன்பது. ஒருவருக்கு 239 ரூபாய்.

நோட்டில் 9க்குக் கீழே 8 எழுதிக் கழித்து, மிச்சமான 1க்குப் பக்கத்தில் 5ஐ இறக்கி, "பதினைந்தில் நான்கு எத்தனை முறை" என்று கேட்கிறோமே, அது இந்தச் சில்லறை மாற்றல்தான். ஓர் இலக்கத்தை இறக்குவது என்றால் ஒரு மதிப்பிலிருந்து அதற்கு அடுத்த சிறிய மதிப்புக்குப் போவது. நூறிலிருந்து பத்துக்கு, பத்திலிருந்து ஒன்றுக்கு. ஒவ்வொரு மதிப்புக்கும் ஆளுக்கு எத்தனை கொடுத்தோம் என்பதை ஈவில் பதிந்துதான் ஆக வேண்டும். இதே நான்கு பேருக்கு 824 ரூபாயைப் பிரித்தால் நூறு ரூபாய்த் தாள் ஆளுக்கு இரண்டு. பத்து ரூபாய்த் தாள் இரண்டுதான் இருக்கிறது, அதில் ஆளுக்கு ஒன்றுகூடக் கொடுக்க முடியாது. கொடுத்தது சுழியம் என்று பதிந்துவிட்டு, இரண்டையும் சில்லறையாக்கி, இருபத்துநான்கு நாணயத்தில் ஆளுக்கு ஆறு கொடுக்கிறோம். ஈவு 206. அந்தச் சுழியத்தைப் பதியாமல் விட்டால் 26 ஆகிவிடும். நூறு ரூபாய்த் தாளாக வாங்கிய இருநூறு, ஒரே நொடியில் இருபது ஆகிப்போகும்.

இனி ஒழுங்குக்கு வருவோம். ஐந்து சொற்கள்: வகு, பெருக்கு, கழி, சரிபார், இறக்கு. பள்ளிகளில் வழக்கமாக நான்கைச் சொல்லிக்கொடுப்பார்கள், சரிபார் என்பதைத் தனியாகச் சொல்வதில்லை. அதைத் தனிப் படியாக வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கணக்கு முடிந்தபின் பெருக்கிப் பார்ப்பது வேறு. இது ஒவ்வொரு சுற்றிலும் ஒரு நொடியில் கேட்கிற கேள்வி: கழித்து வந்த எண் வகுக்கும் எண்ணைவிடச் சிறியதா? இதற்கு "ஆம்" என்ற பதில் வராமல் அடுத்த இலக்கத்தை இறக்கக் கூடாது.

கணக்கைத் தொடங்குமுன் இரண்டு முன்வேலைகள் உண்டு. 9391ஐயே எடுத்துக்கொள்வோம்.

முதல் வேலை, தாளின் வலது ஓரத்தில் 23இன் வாய்ப்பாட்டை ஒன்பது வரை எழுதிவைப்பது. யாருக்கும் 23ஆம் வாய்ப்பாடு மனப்பாடமாக இருக்காது, இருக்கவும் தேவையில்லை. 23, 46, 69, 92, 115, 138, 161, 184, 207 என்று கூட்டிக்கொண்டே போனால் போதும். கடைசியில் இன்னொரு முறை 23 கூட்டிப் பாருங்கள், 230 வந்தால் பட்டியல் பெரும்பாலும் சரி. வராவிட்டால் எங்கோ கூட்டல் தவறியிருக்கிறது என்பது கணக்கைத் தொடங்கும் முன்பே தெரிந்துவிடும். இரண்டு நிமிட வேலை இது. ஆனால் இதைச் செய்துவிட்டால் "இருபத்துமூன்று எத்தனை முறை போகும்" என்று ஊகித்து, எழுதி, அழித்து, மறுபடி எழுதும் தொல்லை அடியோடு போய்விடும். அழிப்பதுதான் இடம் மறப்பதற்குப் பெரிய காரணம். ஊகம் தவறி ரப்பரை எடுக்கும்போது பெருக்கிய எண்ணும் அழியும், சில சமயம் இறக்கிய இலக்கமும் சேர்ந்து அழியும்.

இரண்டாவது வேலை, ஈவில் எத்தனை இலக்கம் வரும் என்று முன்கூட்டியே குறித்துவைப்பது. இடமிருந்து பாருங்கள். 9இல் 23 போகாது. 93இல் போகும். ஆகவே ஈவின் முதல் இலக்கம் 93இன் கடைசி இலக்கமான 3க்கு நேர் மேலே உட்கார வேண்டும். அந்த 3க்கு மேலே ஒரு சிறு கோடு போடுங்கள். அதற்கு வலப்பக்கம் இருக்கிற 9க்கு மேலே ஒன்று, 1க்கு மேலே ஒன்று. மொத்தம் மூன்று கோடிட்ட இடங்கள். ஈவு மூன்று இலக்க எண் என்பது ஓர் இலக்கம்கூட எழுதுவதற்கு முன்பே தெரிந்துவிட்டது. மூன்று இடம் என்றால் மூன்று சுற்று. கடைசியில் ஓர் இடம் காலியாக இருந்தாலும், இரண்டு இலக்கத்தை ஒரே இடத்தில் திணிக்க வேண்டி வந்தாலும், எங்கோ தவறு நடந்திருக்கிறது என்று தாளே காட்டிக்கொடுக்கும்.

சுற்று ஒன்று. 93இல் தொடங்குகிறோம். வகு: பக்கத்திலுள்ள பட்டியலில் 93ஐத் தாண்டாத பெரிய எண் எது? 92. அது நான்காவதாக இருக்கிறது. முதல் கோட்டின் மேல் 4 எழுதுகிறோம். பெருக்கு: 92ஐ 93க்குக் கீழே, இலக்கத்துக்கு நேர் இலக்கமாக எழுதுகிறோம். கழி: கோடு கிழித்து, 1. சரிபார்: 1 என்பது 23ஐவிடச் சிறியது. சரி. இறக்கு: அடுத்த இலக்கம் 9. அதன் தலைமேல் ஒரு புள்ளி வைத்துவிட்டு, 1க்குப் பக்கத்தில் எழுதுகிறோம். இப்போது 19.

சுற்று இரண்டு. வகு: பட்டியலில் 19ஐத் தாண்டாத எண் எது? எதுவும் இல்லை. முதல் எண்ணே 23. எனவே 0. இரண்டாவது கோட்டின் மேல் 0 எழுதுகிறோம். பெருக்கு: 0ஐக் கீழே எழுதுகிறோம். கழி: 19. சரிபார்: 23ஐவிடச் சிறியது. இறக்கு: கடைசி இலக்கம் 1, அதற்கும் புள்ளி. இப்போது 191.

சுற்று மூன்று. பட்டியலில் 191ஐத் தாண்டாத பெரிய எண் 184, எட்டாவது. மூன்றாவது கோட்டின் மேல் 8. கீழே 184. கழித்தால் 7. அது 23ஐவிடச் சிறியது. இறக்க இலக்கம் இல்லை, மேலே காலி இடமும் இல்லை. கணக்கு முடிந்தது.

```
       4 0 8
     -------
23 | 9 3 9 1
     9 2
     ---
       1 9
         0
       ---
       1 9 1
       1 8 4
       -----
           7
```

பெருக்கிப் பார்த்தால் 408 × 23 = 9384. மீதி 7ஐக் கூட்டினால் 9391.

இரண்டாவது சுற்றைக் கொஞ்சம் நின்று பாருங்கள். தேர்ந்தவர்கள் அந்தச் சுற்றை எழுதவே மாட்டார்கள். "பத்தொன்பதில் போகாது, இன்னொன்றை இறக்கு" என்று 1ஐயும் சேர்த்து இறக்கிவிடுவார்கள், மேலே 0 போடுவது அவர்கள் கைக்கே பழக்கமாகியிருக்கும். பிள்ளை இந்தக் குறுக்குவழியில் இறக்குவதை மட்டும் பார்த்துக்கொள்கிறது, மேலே எழுதியதைப் பார்ப்பதில்லை. 48 பிறக்கும் இடம் இதுதான். ஆகவே விதியை இப்படிச் சொல்லலாம்: இறக்கு என்ற படிக்குப் பிறகு வரும் படி எப்போதும் வகு. இரண்டு இறக்கல் ஒன்றையொட்டி வரவே கூடாது. ஓர் இலக்கத்தை இறக்கினால் மேலே ஓர் இலக்கத்தை எழுதியே ஆக வேண்டும், அது சுழியமாக இருந்தாலும். கற்றுக்கொள்கிற காலத்தில் கீழே அந்த 0ஐ எழுதி, கோடு கிழித்து, 19ஐ மறுபடி எழுதுவதும் கட்டாயம். வீண் வேலை என்று தோன்றும். ஆனால் எல்லாச் சுற்றும் ஒரே உருவத்தில் இருந்தால்தான் இடம் மறக்கிற பிள்ளைக்கு அந்த உருவம் துணை நிற்கும்.

ஏன் என்று பார்ப்போம். கணக்கின் நடுவில் யாரோ கூப்பிட்டார்கள், எழுந்து போய்த் திரும்பி வந்தாயிற்று.

"அம்மா, எதுல விட்டேன்னு தெரியல. அழிச்சிட்டு முதல்லேர்ந்து போடவா?"

"அழிக்காதே. கடைசியா என்ன எழுதியிருக்கேன்னு பாரு."

"19 இருக்கு. பக்கத்துல எதுவும் இல்ல."

"அது கழிச்சு வந்ததா, இறக்கினதா?"

"மேல கோடு இருக்கு. கழிச்சு வந்தது."

"அப்ப அடுத்தது என்ன?"

"சரிபார்."

இந்த உரையாடலில் பிள்ளை எதையும் நினைவுபடுத்திக்கொள்ளவில்லை, தாளைப் படித்தது, அவ்வளவுதான். முறையாக எழுதிய நீள் வகுத்தலில், எந்தக் கட்டத்தில் நிறுத்தினாலும் அடுத்த படி என்ன என்று தாளே சொல்லும். மேலே ஓர் இலக்கம் எழுதியிருக்கிறது, அதற்கான பெருக்கல் கீழே இல்லை என்றால், அடுத்தது பெருக்கு. பெருக்கிய எண் இருக்கிறது, அடியில் கோடு இல்லை என்றால், அடுத்தது கழி. கோட்டுக்குக் கீழே கழித்த விடை மட்டும் தனியாக நிற்கிறது என்றால், சரிபார்த்துவிட்டு இறக்கு. ஓர் இலக்கத்தின் தலையில் புள்ளி இருக்கிறது, அதற்கு நேர் மேலே உள்ள கோடு காலியாக இருக்கிறது என்றால், அடுத்தது வகு. சுழியச் சுற்றை எழுதாமல் தாண்டிவிட்டால் இந்தப் படிப்பு குழம்பிவிடும். 191 நிற்கும், இரண்டு புள்ளிகள் இருக்கும், மேலே இரண்டு இடம் காலியாக இருக்கும். 8 எந்த இடத்தில் போக வேண்டும் என்பதைத் தாளால் சொல்ல முடியாது, பிள்ளைதான் நினைவில் வைத்திருக்க வேண்டும். நினைவில் வைக்க முடியாத பிள்ளைக்குத்தானே இத்தனையும் செய்கிறோம்.

வேலையைத் தாளில் விட்டுவைப்பது என்ற இந்தக் குணத்துக்கு ஒரு வரலாறும் உண்டு. ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் வேறொரு முறை இருந்தது. எண்ணை எழுதுவார்கள், கழித்ததும் பழைய எண்ணை அடித்துவிட்டு அதற்கு மேலே புதியதை எழுதுவார்கள். முடிவில் அந்தக் குவியல் பாய்மரக் கப்பல் போல இருக்குமென்று கப்பலின் பெயரையே அந்த முறைக்கு வைத்தார்கள். மணல் பரப்பிய பலகையில் எழுதி விரலால் அழித்துக் கணக்கிட்ட பழக்கத்தின் தொடர்ச்சி அது. அழிக்க முடிந்த பலகையில் அது நன்றாகவே இருந்தது, தாளில் அடித்தல் திருத்தலாகத் தேங்கியது. பிழை எங்கே என்று திரும்பிப் பார்க்க வழியில்லை. இன்று நாம் எழுதுவது போன்ற இறக்கி எழுதும் வகுத்தல், 1491இல் இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் வெளியான பிலிப்போ கலாந்திரியின் கணித நூலில் அச்சாகியிருக்கிறது. இந்த முறையில் எதையும் அடிக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு சுற்றும் கீழே தனியாக நிற்கும்.

நம் வீடுகளில் ஒரு குழப்பம் உண்டு, அதையும் இங்கே சொல்லியாக வேண்டும். பெற்றோரில் பலர் ஈவை வலப்பக்கம், அடைப்புக்குறி போன்ற வளைவுக்கு அப்பால் எழுதிப் பழகியவர்கள். பள்ளியில் இப்போது மேலே எழுதச் சொல்கிறார்கள் என்றால், வீட்டில் அப்பா பக்கத்தில் எழுதச் சொல்வார். இரண்டிலும் விடை ஒன்றுதான். ஆனால் படி மறக்கிற பிள்ளைக்கு மேலே எழுதுவதுதான் நல்லது, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பக்கத்தில் எழுதும்போது 4, 8 என்று வரிசையாகப் போய்விடும். எந்த இலக்கம் எந்த மதிப்புக்கு உரியது என்பதைக் காட்ட அங்கே இடமே இல்லை. மேலே எழுதினால் ஒவ்வோர் இலக்கமும் தன் மதிப்புக்கு நேராக உட்காரும், விட்டுப்போன இடம் ஓட்டையாகத் தெரியும். பக்கத்தில் எழுதிப் பழகிய பெற்றோர் பிள்ளைக்காக இதை மாற்றிக்கொள்ள வேண்டும்.

நேராக எழுதுவது கையெழுத்து அழகுக்காக அல்ல. இலக்கம் அரை இடம் நகர்ந்தால் இறக்க வேண்டிய இலக்கமே மாறிப்போகும். கட்டம் போட்ட நோட்டு இருந்தால் ஒரு கட்டத்துக்கு ஓர் இலக்கம். இல்லையென்றால் கோடு போட்ட நோட்டைப் பக்கவாட்டில் திருப்புங்கள், கோடுகள் செங்குத்தாக நின்று பத்திகளாகிவிடும். இன்னும் தடுமாறுகிற பிள்ளைக்கு ஒரு சிறு தாள் துண்டு கொடுத்து, இறக்காத இலக்கங்களை மறைக்கச் சொல்லலாம். 93 மட்டும் தெரியட்டும். ஒவ்வொரு முறை இறக்கும்போதும் துண்டை ஓர் இலக்கம் தள்ளி வைக்க வேண்டும். ஒரே முறையில் இரண்டு இலக்கத்தை இறக்கும் பழக்கம் இதிலேயே பெரும்பாலும் நின்றுவிடும்.

சரிபார் என்ற படி எதைப் பிடிக்கிறது என்று இப்போது பார்ப்போம். முதல் சுற்றில் பட்டியலைச் சரியாகப் பார்க்காமல் 4க்குப் பதில் 3 எழுதிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். 93இலிருந்து 69ஐக் கழித்தால் 24. வகுக்கும் எண் 23. 24 அதைவிடப் பெரியது, அதாவது இன்னொரு முறை கொடுக்க மிச்சம் இருக்கிறது. அங்கேயே நின்று 3ஐ 4 ஆக்கினால் ஒரு வரியோடு போயிற்று. சரிபார்க்காமல் 9ஐ இறக்கினால் 249 ஆகும். அதில் 23 பத்து முறை போகும், 230 போக 19. பிள்ளை மேலே 10 என்று எழுதும். பிறகு 191இல் 8. ஈவு 3108 என்று தாளில் நிற்கும். மூன்று இடத்தில் நான்கு இலக்கம்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. நூறு மூன்று, பத்து பத்து, ஒன்று எட்டு: 300, 100, 8. கூட்டினால் 408! பிள்ளை பிரித்துக் கொடுத்ததில் ஒரு ரூபாய்கூடத் தவறவில்லை. ஓர் இடத்தில் 9க்கு மேல் எழுத முடியாது என்பதுதான் தவறிப்போனது. இப்படி எழுதிவந்த பிள்ளைக்குத் தவறு என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடாமல், இந்தக் கூட்டலைக் காட்டிவிடுங்கள். 9க்கு மேல் ஏன் வரக்கூடாது, மீதி ஏன் சிறியதாக இருக்க வேண்டும் என்ற இரண்டும் ஒரே விஷயம் என்பது அப்போது புரியும்.

ஊகம் கூடிப்போனால் கண்டுபிடிப்பது எளிது, பெருக்கிய எண் மேலே உள்ளதைவிடப் பெரிதாக நிற்கும், கழிக்க முடியாது. ஆனால் சில பிள்ளைகள் அங்கே தயங்காமல் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்துவிடுவார்கள், 93க்குக் கீழே 115 எழுதி 22 என்று. 22 என்பது 23ஐவிடச் சிறியதாகையால் சரிபார்க்கும் படியிலும் தப்பிவிடும். எனவே கழிப்பதற்கு முன் மேலே இருப்பது பெரியதுதானா என்று விரலால் தொட்டுப் பார்க்கிற பழக்கம் வேண்டும்.

கடைசியில் பெருக்கிப் பார்க்கும்போது விடை பொருந்தவில்லை என்றால் முழுக் கணக்கையும் திரும்பப் போட வேண்டாம். கீழிருந்து மேலாக, ஒவ்வொரு சுற்றிலும் இரண்டே கேள்வி: பெருக்கிய எண் பட்டியலில் உள்ளபடி இருக்கிறதா, கழித்த விடையைப் பெருக்கிய எண்ணோடு கூட்டினால் அதற்கு மேலே உள்ள எண் வருகிறதா? 7உடன் 184 சேர்ந்தால் 191, சரி. 19உடன் 0 சேர்ந்தால் 19, சரி. 1உடன் 92 சேர்ந்தால் 93, சரி. எந்தச் சுற்றில் இது பொருந்தவில்லையோ, பிழை அங்கேதான். அதற்குக் கீழே உள்ளதை மட்டும் திருத்தினால் போதும்.

இந்த ஒழுங்கால் முடியாததும் ஒன்று இருக்கிறது. பக்கத்துப் பட்டியல் வாய்ப்பாடு தெரியாத குறையை ஓரளவு ஈடுகட்டும், கடன் வாங்கிக் கழிக்கத் தெரியாத குறையை எதுவும் ஈடுகட்டாது. 191இலிருந்து 184ஐக் கழித்து 13 என்று எழுதுகிற பிள்ளை ஒவ்வோர் இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழிக்கிறது. ஒன்றின் இடத்தில் 4இலிருந்து 1, பத்தின் இடத்தில் 9இலிருந்து 8. அந்தப் பிள்ளைக்கு வகுத்தலை நிறுத்திவிட்டு, மூன்று இலக்கக் கழித்தலுக்குப் போய்வர வேண்டும். வகுத்தலுக்குள்ளேயே அதைச் சரிசெய்யப் பார்த்தால் இரண்டும் நிற்காது.

ஐந்து சொற்களையும் ஒரு நீளத் துண்டில் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதி நோட்டின் இடது ஓரத்தில் வைத்து, அழிப்பானை ஒவ்வொரு சொல்லாக நகர்த்திக்கொண்டே போடச் சொல்லுங்கள். அழிப்பான் அழிப்பதற்கு இல்லாமல் இடம் காட்டுவதற்கு ஆகிவிடும். முதல் நாட்களில் வாய்விட்டுச் சொல்லியே செய்யட்டும். துணைகளை எடுக்கும் வரிசையும் முக்கியம். சொற்துண்டுதான் முதலில் தேவையில்லாமல் போகும். அடுத்து வாய்ப்பாட்டுப் பட்டியல், அதுவும் 12, 15 போன்ற பழகிய எண்களுக்கு மட்டும். சுழியச் சுற்றை முழுதாக எழுதுவதை அதற்கும் பிறகுதான் விட வேண்டும். ஈவின் இடங்களைக் கோடிட்டு வைப்பதை விடவே வேண்டாம். பெரியவர்களும் அதை விட வேண்டியதில்லை.

தசமத்துக்குப் போனாலும் இதே ஐந்து படிதான். 9391இல் மிஞ்சிய 7ஐ விடாமல் தொடர வேண்டுமென்றால், ஈவில் 408க்குப் பின் புள்ளி வைத்து, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு 0ஐ இறக்கிக்கொள்ள வேண்டும். 70இல் 23 மூன்று முறை, மீதி 1. அடுத்த சுற்றில் 10, அதில் போகாது, மேலே 0. அதற்கடுத்து 100, நான்கு முறை. 408.304 என்று போகும். இங்கும் அந்தச் சுழியத்தை விட்டவர்களுக்கு 408.34 வரும்.

வீட்டில் போட்டுப் பார்க்க மூன்று கணக்குகள்: 7238ஐ 7ஆல், 8160ஐ 16ஆல், 15045ஐ 15ஆல் வகுக்க வேண்டும். முதலில் ஈவின் இடங்களைக் கோடிடச் சொல்லுங்கள். முறையே 4, 3, 4 இடங்கள் வர வேண்டும். விடைகள் 1034, 510, 1003. மூன்றிலும் மீதி இல்லை. முதல் கணக்கில் சுழியம் நடுவில் ஒன்று, இரண்டாவதில் கடைசியில் ஒன்று, மூன்றாவதில் அடுத்தடுத்து இரண்டு. மூன்றாவதைத் துணையில்லாமல் சரியாகப் போட்டுவிட்டால், உங்கள் பிள்ளை நீள் வகுத்தலைக் கற்றுக்கொண்டுவிட்டது.